மாட்டின் வாய்க்குள் கையை விடுவதற்கு முன்: நாய் கடித்த கால்நடையும் வெறிநோயும்

போன ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது இது. இரவு இரண்டு மணி இருக்கும், தொழுவத்தில் ஒரே அமளி. டார்ச் எடுத்துக்கொண்டு ஓடியபோது ஒரு நாய் வேலியைத் தாண்டிப் போவது மட்டும் தெரிந்தது. கிடாரிக் கன்றின் காது கிழிந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. காலையில் கன்றைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் முதல் ஊசி போட்டார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள்.

தாய்ப்பசுவை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அதன் மூக்கின் ஓரத்தில் திராட்சை விதை அளவுக்கு ஒரு பொருக்கு தெரிந்தது. முள் கீறியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இருபத்து நான்காம் நாள் பசு தீவனத்தை ஒதுக்கியது.

புதிதாக மாடு, ஆடு வளர்க்க ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாய் கடித்த அன்று என்ன செய்ய வேண்டும், நடத்தை மாறினால் எப்படிக் கண்டுபிடிப்பது, வீட்டில் யார் யாருக்கு ஊசி என்ற மூன்றையும் அந்த வீட்டுக் கதையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கடித்த அன்று

முதலில், தொழுவத்தில் எத்தனை உருப்படி இருக்கிறதோ அத்தனையையும் பாருங்கள். ரத்தம் வருவதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். மாடு குனிந்து முட்ட வரும்போது நாய் அதன் முகத்தைத்தான் கவ்வும். அதனால் மூக்கு, உதடு, தாடை, காது, பிறகு பின்னங்கால், மடி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஆட்டுக்குத் தொண்டையும் தொடையும். ரோமத்துக்குள் பல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் ஈரமோ பிசுபிசுப்போ தட்டுப்படும். கையுறை இல்லையென்றால் பால் கவரையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். நாயின் எச்சில் அந்த ரோமத்தில் இன்னும் ஈரமாக இருக்கும்.

அப்புறம் கழுவுதல். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். துணி சோப்பு போதும். மோட்டார் குழாயைக் காயத்தின் மேல் பிடித்து, சோப்பு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மாடு துள்ளும், இரண்டு நிமிடத்தில் போதும் என்று தோன்றும். போதாது. கழுவி முடித்ததும் போவிடோன் அயோடின் மருந்தைத் தடவலாம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எருக்கம்பால், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இவையெல்லாம் காயத்தைப் புண்ணாக்கும், கிருமியை இன்னும் உள்ளே தள்ளும். பெரிய கிழிசலாக இருந்தாலும் அன்றே தையல் போட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மூன்றாவதாக, ஊசி. முதல் ஊசி போடும் நாளுக்கு ‘பூஜ்ஜியம்’ என்று பெயர். அதிலிருந்து 3, 7, 14, 28ஆம் நாட்களில் மற்ற நான்கும். புதியவர்கள் தவறுவது இந்தக் கணக்கில்தான். ஒன்றாம் தேதி முதல் ஊசி என்றால் அடுத்தவை 4, 8, 15, 29 தேதிகளில் வரும். அன்றே நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அளவு ஒன்றுதான், 1 மில்லி. சினை மாட்டுக்கும் போடலாம். மருந்தகத்தில் மருந்து இருப்பில் இல்லாமல் வெளியே வாங்க வேண்டி வந்தால், ஐஸ் போட்ட தெர்மாஸ் பிளாஸ்கில் வைத்து எடுத்துப் போங்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. மத்தியான வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் கிடந்த மருந்தைப் போட்டால் போட்டோம் என்ற திருப்திதான் மிஞ்சும்.

மாட்டை ஓட்டிப்போக வாகனம் கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். கட்டணம் இல்லை.

இந்த ஊசியால் எல்லா மாடும் பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஊசி போட்ட பின் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். பின்னங்காலில் கடித்தால் பாதை நீளம், ஊசிக்கு நேரம் கிடைக்கும். மூக்கில் கடித்தால் பாதை குறுகியது. அதனால்தான் முகத்துக் கடி என்றால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடித்தது தெரிந்த நாய், வீட்டு நாய் என்றால் அதை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிப்போட்டு பத்து நாள் பாருங்கள். பத்து நாளும் நன்றாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். ஆனால் அதற்காக ஊசியைப் பத்து நாள் தள்ளிப்போடக் கூடாது. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். நாய் செத்தாலோ, காணாமல் போனாலோ, அது வெறிநாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவுக்கு வந்த நாயை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

காத்திருக்கும் மாதங்கள்

மாட்டுக்குக் கடிபட்ட பின் அறிகுறி தெரிய பெரும்பாலும் இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். சிலவற்றுக்கு அதையும் தாண்டும். ஆகவே ஆறு மாதம் கண்காணிப்பு வேண்டும். கடிபட்டதைத் தனியாகக் கட்டுங்கள். இந்த ஆறு மாதத்துக்குள் அதைச் சந்தைக்கு ஓட்டிப்போய் இன்னொருவர் தலையில் கட்டுவது பெரிய பாவம். ‘நாய் கடிச்ச மாடு’ என்று சொல்லாமல் விற்றால், வாங்கினவர் வீட்டில் கறப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

இந்தக் காலத்தில் மாடு நன்றாக இருக்கும்வரை பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம். பச்சைப்பாலாக மட்டும் வேண்டாம்.

நடத்தை மாறும்போது

வெறிநோய் என்றதும் மாடு கண் சிவந்து, கயிற்றை அறுத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவரை முட்டித் தள்ளும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அப்படியும் வரும். ஆனால் பல மாடுகளுக்கு அது சாதுவாக, வேறு ஏதோ சின்ன வியாதி போல வரும். அந்த வீட்டுப் பசுவுக்கு அப்படித்தான் வந்தது.

முதல் நாள், தவிட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஐந்து லிட்டர் கறப்பது மூன்றாகக் குறைந்தது. சாயங்காலம் விட்டு விட்டுக் கத்தியது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விட்டது. பருவத்துக்கு வந்திருக்கிறது, நாளைக்குச் சினை ஊசி போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் தொங்கியது. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கிறது, உறிஞ்சுகிறது, ஆனால் விழுங்க முடியாமல் வெளியே கொட்டுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறிநோய் வந்த மனிதர் தண்ணீரைக் கண்டு பயப்படுவதுபோல மாடு பயப்படாது. அதற்குத் தாகம் இருக்கும், தொண்டைத் தசை வேலை செய்யாது. ‘தண்ணீர் கிட்ட போகுதே, அப்ப வெறிநோய் இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காட்சியைப் பார்க்கும் யாருக்கும் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்றுதான் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். “அண்ணே, மாங்கொட்டை சிக்கியிருக்கும், நாக்கைப் பிடிங்க, நான் பாக்குறேன்” என்று சட்டையை மடித்துவிட்டு முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் மூங்கில் குழாயில் நல்லெண்ணெயும் வெல்லமும் கரைத்து ஊற்றினார். நாக்கைப் பிடித்த விரலில் பல் கீறியது. அந்த அம்மா புடவைத் தலைப்பால் மாட்டின் வாயைத் துடைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் குரல் மாறியது. வழக்கமான ‘அம்மா’ இல்லை, தொண்டை கட்டினவர் கூப்பிடுவதுபோல ஒரு கரகரத்த இழுப்பு. சாணி போட முக்கிக்கொண்டே இருந்தது, வால் ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது. நடக்கவிட்டபோது பின்னங்கால் குளம்பு மடங்கி, முன்பக்கம் தரையில் தேய்ந்தது. அப்போதுதான் மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அவர் தொழுவ வாசலில் நின்றபடியே பத்து நிமிடம் பார்த்தார். முதல் கேள்வி, “இதை நாய் ஏதாவது கடிச்சுதா?” இரண்டாவது கேள்வி, “வாய்க்குள்ள யாராவது கை விட்டீங்களா?”

இந்த நோயைப் போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு, அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான தொண்டை அடைப்பு என்றால் தீவனம் தின்னும்போதே திடீரென்று வரும், கொஞ்ச நேரத்தில் இடது வயிறு உப்பும். மாடு மற்றபடி தெளிவாக இருக்கும், குரல் மாறாது. பருவம் என்றால் ஒரு நாளில் அடங்கும், எச்சில் கயிறாகத் தொங்காது, விழுங்குவதில் தடை இருக்காது. கோமாரியில் காய்ச்சல் அடிக்கும், நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் இருக்கும். கன்று ஈன்ற ஓரிரு நாளில் படுத்துக்கொண்டு காது சில்லிட்டிருந்தால் பால் காய்ச்சலாக இருக்கலாம், கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும். வெறிநோயில் மட்டும் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட மோசமாகும், எந்த மருந்துக்கும் கேட்காது. விழுங்க முடியாமை, குரல் மாற்றம், முக்குதல், பின்னங்கால் தளர்ச்சி ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். நாய் கடித்ததை யாரும் பார்க்கவில்லை என்பது இதற்குப் பதில் ஆகாது.

ஆடுகள் ஓயாமல் கத்தும், மற்ற ஆடுகளை முட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சில வெறுமனே துவண்டு படுத்துவிடும்.

எதுவாக இருந்தாலும் எச்சில் ஒழுகும் மாட்டின் வாய்க்குள், மருத்துவர் வந்து பார்க்கும் வரை, யாரும் கை விடக் கூடாது. எண்ணெய், கஷாயம் எதுவும் ஊற்றக் கூடாது. விழுங்க முடியாத மாட்டுக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும்.

வீட்டில் யாருக்கு ஊசி

மருத்துவர் ஒரு நோட்டுப் பேப்பர் கேட்டு வாங்கி, கடந்த பத்து நாளில் அந்தப் பசுவைத் தொட்டவர்கள் பெயரையெல்லாம் எழுதச் சொன்னார். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி வரலாம் என்பதால் மூன்று நாள் கணக்கு போதாது. நீங்களும் இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி: எச்சில் யார் உடம்பில், எந்த இடத்தில் பட்டது, அங்கே தோல் முழுதாக இருந்ததா?

பக்கத்து வீட்டுக்காரர் கையில் அரிவாள் கீறல் இருந்தது, அதன்மேல் எச்சில். வீட்டுக்காரர் விரலில் மாட்டின் பல்லே கீறியிருந்தது. அந்த அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் தண்ணீரிலும் சாணியிலும் புழங்கி வெடித்திருந்தது. மூன்றுமே மூன்றாம் வகை, அதாவது மிகுந்த ஆபத்து. ரத்தம் வரும் கடி, புண்ணில் பட்ட எச்சில், கண்ணிலோ வாயிலோ தெறித்த எச்சில் எல்லாம் இதில் அடங்கும். இதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். தடுப்பூசி உடம்பைத் தயார் செய்யும் வரை அந்த இடைவெளியில் கிருமியைத் தடுப்பது இதுதான். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இருக்காது, பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் இதைப் போட்டாக வேண்டும், அதற்குப் பின் பயனில்லை.

அந்த வீட்டு எட்டு வயதுப் பெண், “நான் புல்லு மட்டும்தான் போட்டேன்” என்றாள். முழுத் தோலில் தொடுவது, தூரத்திலிருந்து தீவனம் போடுவது இதற்கெல்லாம் ஊசி வேண்டாம். ஆனால் பாட்டி தனியாக அழைத்துப்போய் மறுபடி கேட்டபோது, மாடு முழங்காலை நக்கியது என்றாள். முழங்காலில் கொசு கடித்துச் சொறிந்த புண். அவளையும் அதே வரிசையில் சேர்த்தார்கள். குழந்தைகளிடம் இரண்டு தடவை, திட்டாமல் கேளுங்கள்.

தாத்தா கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிக்கும் பழக்கம் உள்ளவர். மற்றவர்கள் காய்ச்சின பாலில் டீதான் குடித்தார்கள். கொதிக்கும் சூட்டில் கிருமி செத்துவிடும், டீ குடித்தவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை. பச்சைப்பால் குடித்ததை மட்டும் மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் தாத்தாவுக்குத் தடுப்பூசி எழுதினார். அறிகுறி தெரிந்த பின் கறந்த பாலைக் குடிக்கவும் கூடாது, சொசைட்டிக்கு ஊற்றவும் கூடாது. கன்றுக்கும் விடக் கூடாது. சாணி, மூத்திரம் வழியாக இது பரவாது, அந்தப் பயம் வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போகும் முன் வீட்டிலேயே, எச்சில் பட்ட இடத்தைச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். நாள் கடந்திருந்தாலும் கழுவுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 என நான்கு நாள் போக வேண்டும். தசையில் போடும் முறை என்றால் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து. பெரியவர்களுக்குத் தோள்பட்டையில்தான் போட வேண்டும், இடுப்பில் அல்ல. கர்ப்பிணி, தாய்ப்பால் கொடுப்பவர் யாருக்கும் தடை இல்லை.

ஊசி போடும் இடத்தில் ‘நாய் கடிச்சதா?’ என்றுதான் கேட்பார்கள். ‘இல்லை, மாடு’ என்று சொல்லி நிறுத்தினால் குழப்பம் வரும். “வெறிநோய் சந்தேகம் உள்ள மாட்டோட எச்சில் புண்ணில பட்டிருக்கு” என்று முழுசாகச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக் கொண்டுபோனால் இன்னும் சுலபம். மாடு செத்தால் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பத்து நாள் பார்க்கும் கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான், மாட்டுக்குக் கிடையாது. மனிதருக்கு அறிகுறி வந்துவிட்டால் பிறகு சிகிச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை.

மாடு சாகும்போதும் பிறகும்

அறிகுறி வந்த மாடு பிழைப்பதில்லை. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதுவரை இரண்டு கயிறு போட்டு உறுதியான மரத்தில் கட்டி, குழந்தைகளையும் நாய்களையும் கிட்டே விடாமல், தண்ணீர் வாளியைக் கம்பால் தள்ளிவிட்டால் போதும். அந்தப் பசு ஐந்தாம் நாள் விடியற்காலை செத்தது.

தோலை உரிக்கவோ கறியாக்கவோ கொடுக்காதீர்கள். மூளையையும் தண்டுவடத்தையும் திறக்கிற வேலை அது, வெட்டுகிறவருக்குத்தான் ஆபத்து. நோயை உறுதி செய்ய வேண்டுமானால் மூளையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதை மருத்துவர் பாதுகாப்போடு எடுக்கட்டும். காப்பீடு செய்த மாடு என்றால் புதைக்கும் முன்பே அவரிடம் சொல்லுங்கள். காது வில்லையைப் போட்டோ எடுத்து வைப்பது, சான்றிதழ் வாங்குவது எல்லாம் அப்போதே முடிய வேண்டும். கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளி, நாய் தோண்ட முடியாதபடி ஆறடி ஆழத்தில் சுண்ணாம்புத்தூள் போட்டுப் புதைக்க வேண்டும். கயிற்றையும் எச்சில் பட்ட வைக்கோலையும் எரித்துவிடலாம். தொட்டியையும் தரையையும் கையுறை போட்டு சோப்புத் தண்ணீரால் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, நல்ல வெயிலில் காயவிட்டால் போதும். காய்ந்த எச்சிலில் இந்தக் கிருமி அதிக நேரம் தாங்காது. தொழுவத்தை இடிக்க வேண்டியதில்லை.

அந்தக் கிடாரிக்கு அப்போது நான்கு ஊசி முடிந்திருந்தது. தாயிடம் பால் குடித்ததையும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்ததையும் சொன்னார்கள். மருத்துவர் ஐந்தாவதை நாள் தவறாமல் போடச் சொன்னார், ஆறு மாதக் கணக்கை மட்டும் பசு செத்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கச் சொன்னார். மாசியில் அது முடிந்தது. இப்போது அந்த வீட்டில் கன்றுக்கும் ஆட்டுக்கும் வருடம் ஒரு முறை முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போடுகிறார்கள், தெருவில் திரியும் இரண்டு நாய்களுக்கும் சேர்த்து.